பதினான்கு பக்கம் ஒரு பக்கமாகும்போது

2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் இந்தியாவின் காசநோய் ஆய்வு ஒன்று வெளியானது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த அந்தக் கள ஆய்வுக்கு ‘ரேஷன்ஸ்’ என்று பெயர். மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள். சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. காசநோயாளி இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்பதுதான் கேள்வி.

அச்சில் அந்தக் கட்டுரை பதினான்கு பக்கம். அதை உண்மையில் படிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் லான்செட் வாசகர்கள் அல்லர். காசநோயாளியின் வீட்டார், கிராம சுகாதாரச் செவிலியர், ஊராட்சி உறுப்பினர், உணவு வழங்கல் துறை அலுவலர் ஆகியோருக்கு இதை ஒரு பக்கத்தில் எப்படிச் சொல்வது? ‘சத்துணவு காசநோயைப் பாதியாகக் குறைக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன: யாருக்குக் குறைந்தது என்பது அதில் இல்லை, எந்த முடிவை எடுத்துச் சொல்வது என்பதில் தவறு நேர்ந்திருக்கிறது, எதில் பாதி என்பதும் தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரையை எளிய மொழியில் சுருக்குவோர் தடுமாறும் இடங்களும் பெரும்பாலும் இந்த மூன்றுதான். இந்த ஒரே ஆய்வை வைத்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யாருக்காக எழுதப்படும் சுருக்கம்

ஆய்வுக் கட்டுரையின் தலையில் எப்போதும் ஒரு சுருக்கம் இருக்கும். அது சக ஆய்வாளருக்கானது. கட்டுரையை முழுதாகப் படிக்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வதற்கானது. பல்கலைக்கழகங்கள் வெளியிடும் செய்திக்குறிப்பு நிருபருக்கானது. எளிய மொழிச் சுருக்கம் மூன்றாவது வகை. ஆய்வின் முடிவு யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ, யார் அதை வைத்து ஒரு முடிவு எடுக்கப்போகிறாரோ அவருக்கானது.

மருத்துவத்தில் இந்த வகையை நிலைநிறுத்தியதில் காக்ரேன் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தான் வெளியிடும் ஒவ்வொரு தொகுப்பாய்வோடும் எளிய மொழிச் சுருக்கம் ஒன்றையும் அது சேர்த்துத் தருகிறது. 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ், ஒவ்வொரு கட்டுரைக்கும் 120 சொற்களுக்குள் ஒரு முக்கியத்துவக் குறிப்பு கேட்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய் இதைச் சட்டமாக்கியது. 2014இல் இயற்றி, 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைப்படுத்திய மருத்துவப் பரிசோதனை ஒழுங்குமுறையின்படி, மருந்தைச் சோதிக்கும் ஒவ்வொரு பரிசோதனையின் முடிவையும் பொதுமக்களுக்குப் புரியும் சுருக்கமாக வெளியிட வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பத்து அம்சங்களையும் அந்தச் சட்டம் வரிசைப்படுத்துகிறது.

இந்த வழிமுறைகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஓடும் கருத்து ஒன்று உண்டு. பதினான்கு பக்கத்திலிருந்து பத்தி பத்தியாகக் கொஞ்சம் கிள்ளி எடுத்தால் நல்ல சுருக்கம் கிடைத்துவிடாது. அப்படி எடுத்தால் முன்னுரைக்கு இரண்டு வரி, முறைக்கு மூன்று வரி, விவாதத்துக்கு நான்கு வரி என்று கட்டுரையின் நிழல்தான் மிஞ்சும். வெளி வாசகருக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை சொல்வதற்குத் தேவையானதை மட்டும் கட்டுரைக்குள் தேடிப்போய் எடுத்துவர வேண்டும்.

முதல் வேலை: கேள்வியை ஒரே வாக்கியமாக்குவது

சுருக்கம் எழுதுபவர் முதலில் எழுத வேண்டியது சுருக்கத்தை அல்ல, கேள்வியை. யாருக்கு, என்ன செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள் என்ற நான்கும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும்.

ரேஷன்ஸ் ஆய்வில் இந்த நான்கையும் நிரப்பிப் பார்த்தால் முதல் பிழை உடனே வெளிப்படும். ‘யாருக்கு’ என்ற இடத்தில் வருபவர்கள் நோயாளிகள் அல்லர். 2,800 நோயாளிகளோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். ‘என்ன செய்தார்கள்’ என்றால், ஒரு பெரியவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் என்ற கணக்கு. ‘எதோடு ஒப்பிட்டார்கள்’ என்ற இடம்தான் பலரும் வழுக்கும் இடம். உணவே பெறாத வீடுகளோடு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்வது எளிது. உண்மையில் இரு பிரிவுகளிலும் நோயாளிக்கு ஆறு மாதம் உணவுப்பொருள் கிடைத்தது. வித்தியாசம் இதுதான்: ஒரு பிரிவில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் கிடைத்தது, மற்றொன்றில் நோயாளிக்கு மட்டும். நோயாளியின் பங்கை வீட்டார் பகிர்ந்து உண்டிருந்தால், இரு பிரிவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் கூடுவதைவிடக் குறைந்து தெரியத்தான் வாய்ப்பு. சுருக்கத்தில் இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால், வாசகர் வேறோர் ஆய்வைப் பற்றிப் படித்தவராகிவிடுவார்.

இந்தத் தகவல்கள் முறையியல் பகுதியில் கிடக்கும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கட்டுரையை அச்சிட்ட வரிசையில் படிப்பதில்லை. முதலில் முறையியல், அடுத்து அட்டவணைகள், பிறகு வரம்புகளைப் பேசும் பத்திகள், கடைசியாக ஆசிரியர்களின் சொந்தச் சுருக்கம். சுருக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. 2010இல் பாரிஸைச் சேர்ந்த இசபெல் பூத்ரோனும் சக ஆய்வாளர்களும், முதன்மைக் கேள்விக்குத் தெளிவான பலன் கிடைக்காத 72 பரிசோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் சுருக்க முடிவுரையில், பலன் இருந்ததுபோல் தோன்றும்படி வாக்கியங்கள் சாய்ந்திருந்தன. சுருக்கத்தைச் சுருக்குபவர் அந்தச் சாய்வையும் சேர்த்தே சுமந்து வருகிறார்.

இரண்டாவது வேலை: எந்த முடிவு முதன்மையானது

ஒரு பெரிய ஆய்வில் பத்துப் பதினைந்து முடிவுகள் இருக்கும். அவற்றில் எது கண்ணைக் கவர்கிறதோ அதை எடுத்துத் தலைப்பில் வைப்பது இயல்பான ஆசை. ஆனால் ஆய்வு தொடங்குமுன்பே, இதைத்தான் அளக்கப்போகிறோம் என்று ஆய்வாளர்கள் அறிவித்துவிட்ட முடிவு ஒன்று இருக்கும். ஆய்வின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்காகவே வகுக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் முதலில் வர வேண்டியதும் அதுதான்.

ரேஷன்ஸ் ஆய்வின் முதன்மை முடிவு, எந்த வகைக் காசநோயும் புதிதாக வருவது. அது 39 சதவீதம் குறைந்தது. ஆய்வகச் சோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் தனியே பார்த்தால் குறைவு 48 சதவீதம். ‘பாதியாகக் குறைந்தது’ என்ற வரி பிறப்பது இந்த இரண்டாவது எண்ணிலிருந்து.

48ஐ மறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. அரிசியையும் பருப்பையும் மறைத்துக் கொடுக்க முடியாது. எந்த வீட்டுக்கு உணவு போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஆய்வில், மருத்துவரின் கணிப்பைச் சார்ந்திருக்கும் நோயறிதலைவிட ஆய்வகச் சோதனை முடிவு சாய்வுக்கு இடம் குறைவாகக் கொடுக்கும். புதிதாக நோய் கண்ட 218 பேரில் 152 பேருக்கு அப்படி உறுதியாகியிருந்தது. அந்தக் கணக்கிலும் பலன் தெரிகிறது என்பது முதன்மை முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. ஆகவே 39 முதலில் வரலாம். 48 அதற்குத் துணையாகப் பின்னால் வரலாம். இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

மூன்றாவது வேலை: சதவீதத்தை மனிதர்களாக்குவது

39 சதவீதம் குறைந்தது என்று படிப்பவர், நூறு பேரில் 39 பேர் தப்பினார்கள் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்வார். இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1995இல் பிரிட்டனில் நடந்தது சான்று. ஒரு வகைக் கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டு அபாயத்தை இரு மடங்காக்குகிறது என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் இருவருக்கு என்று உயர்ந்திருந்தது. ‘இரு மடங்கு’ என்பது பொய்யல்ல. ஆனால் பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. ஜெர்மன் உளவியலாளர் கெர்டு கிகரென்சர் இந்த நிகழ்வைத் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் சொல்லும் மாற்று எளியது: எத்தனை பேரில் எத்தனை பேர் என்று, இரு பக்கமும் ஒரே அடித்தொகையில் சொல்லுங்கள்.

அதை ரேஷன்ஸ் ஆய்வில் செய்து பார்ப்போம். நோயாளிக்கு மட்டும் உணவு கிடைத்த பிரிவில் வீட்டார் 4,724 பேர். அவர்களில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. வீட்டார் எல்லாருக்கும் கிடைத்த பிரிவில் 5,621 பேர். 96 பேருக்கு வந்தது. 122, 96 என்ற எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. பிரிவுகளின் அளவு வேறு வேறு. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றினால் முதல் பிரிவில் 26, இரண்டாவதில் 17. ஏறத்தாழ இரண்டாண்டுகளில் ஆயிரம் பேருக்கு 9 பேர் குறைவு. வேறு விதமாகச் சொன்னால், சுமார் 111 பேருக்கு, அதாவது 30 வீடுகளுக்கு, ஆறு மாதம் உணவு கொடுத்தால் ஒரு காசநோய் தடுக்கப்படுகிறது. கட்டுரையே தரும் கணக்கும் இதுதான்.

இங்கே கவனமுள்ள எழுத்தாளர் ஒரு முரண்பாட்டைக் காண்பார். 26இலிருந்து 17க்குக் குறைந்தால் அது சுமார் 35 சதவீதம்தான். கட்டுரை 39 என்கிறதே? அச்சுப்பிழை அல்ல. கட்டுரையின் கணக்கு தலை எண்ணிக்கையில் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு காலம் கண்காணிப்பில் இருந்தார் என்பதையும், பிரிவுகளுக்கு இடையே முன்பே இருந்த வேறுபாடுகளையும் சேர்த்துச் சரிசெய்த கணக்கு அது. இந்த ஆய்வில் ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. 28 காசநோய்ப் பிரிவு அலுவலகங்களைக் குலுக்கல்போல இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் அத்தகைய சரிக்கட்டல் தேவைப்படுகிறது. ஒரு பக்கச் சுருக்கத்தில் இந்த விளக்கத்துக்கு இடமில்லை. ஆனால் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு எண்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுவார். கணக்குப் போட்டுப் பார்க்கும் வாசகர் இரண்டையும் நம்பமாட்டார்.

நான்காவது வேலை: எவ்வளவு உறுதி

ஆய்வு தருவது ஒற்றை எண்ணை அல்ல, ஓர் எல்லையை. ரேஷன்ஸ் ஆய்வில் அந்த எல்லை 15 சதவீதத்திலிருந்து 57 சதவீதம் வரை. அதாவது பலன் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. எவ்வளவு என்பது அகலமாக விரிந்து கிடக்கிறது. ஆயிரம் பேரில் என்று மாற்றினால், தடுக்கப்படும் நோயாளிகள் 4 பேராகவும் இருக்கலாம், 15 பேராகவும் இருக்கலாம். இந்த எல்லையைச் சொன்னால் வாசகர் குழம்பிவிடுவார் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ‘சுமார் 9 பேர், 4இலிருந்து 15 வரை இருக்கலாம்’ என்பது யாருக்கும் புரியும் வாக்கியம்.

எண்களுக்கு அப்பால் வினைச்சொல்லும் உறுதியைக் காட்டுகிறது. காக்ரேன் சுருக்கங்களில் இதற்கு ஒரு படிக்கட்டு உண்டு. சான்று வலுவாக இருந்தால் ‘குறைக்கிறது’. நடுத்தரமாக இருந்தால் ‘அநேகமாகக் குறைக்கிறது’. பலவீனமாக இருந்தால் ‘குறைக்கக்கூடும்’. மிகப் பலவீனமாக இருந்தால் ‘குறைக்கிறதா என்று தெரியவில்லை’. ஒரே பக்கத்துக்குள் தலைப்பில் ‘குறைக்கிறது’ என்றும் உள்ளே ‘குறைக்கக்கூடும்’ என்றும் எழுதுவது மிகப் பரவலான கோளாறு. எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் கோடிட்டுப் படித்தால் அகப்பட்டுவிடும்.

கடைசியாக, ஆய்வு சொல்லாததைச் சுருக்கமும் சொல்லாமலிருக்க வேண்டும். 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, இருபது பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டது. ஐந்தில் இரண்டு குறிப்புகள், கட்டுரையில் இருந்ததைவிட மிகைப்படுத்திய அறிவுரையை வாசகருக்கு வழங்கியிருந்தன. ‘ஆகவே நீங்கள் இதைச் சாப்பிடுங்கள்’ என்ற வரி சுருக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பெரும்பாலும் எழுதியவரின் நல்லெண்ணத்திலிருந்துதான் வந்திருக்கும்.

அந்த ஒரு பக்கம்

இவ்வளவையும் மனத்தில் வைத்து, காசநோயாளியின் வீட்டாருக்கும் ஊராட்சி உறுப்பினருக்குமாக எழுதினால் அந்தப் பக்கம் ஏறத்தாழ இப்படி அமையும்:

> காசநோயாளியின் வீட்டாருக்கும் உணவுப்பொருள் கொடுத்தால், அவர்களுக்கு அந்நோய் வருவது குறைகிறது
>
> *ஏன் ஆராய்ந்தார்கள்?* காசநோய் உள்ளவரோடு வசிப்பவர்களுக்கு அது தொற்றும் வாய்ப்பு அதிகம். உடலில் சத்துக் குறைந்தவர்களுக்குத் தொற்று நோயாக மாறும் வாய்ப்பு இன்னும் அதிகம். உணவு கொடுத்து இதைத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள்.
>
> *என்ன செய்தார்கள்?* 2019 ஆகஸ்டிலிருந்து ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளைச் சேர்த்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் ஆறு மாதம் உணவுப்பொருள் கிடைத்தது. ஏறத்தாழ பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள். எந்தப் பகுதிக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தது. 2022 ஜூலை வரை யாருக்கு நோய் வருகிறது என்று கவனித்தார்கள்.
>
> *என்ன தெரிந்தது?* நோயாளிக்கு மட்டும் உணவு கிடைத்த வீடுகளில், மற்றவர்களில் ஆயிரம் பேருக்கு 26 பேர் காசநோய்க்கு ஆளானார்கள். எல்லாருக்கும் கிடைத்த வீடுகளில் 17 பேர். ஆயிரம் பேருக்குச் சுமார் 9 பேர் குறைவு. உண்மையான அளவு 4இலிருந்து 15 வரை இருக்கலாம். 30 வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவர் நோயிலிருந்து காக்கப்படுகிறார்.
>
> *எவ்வளவு நம்பலாம்?* ஆய்வு பெரியது. நோய் வந்ததா என்பதை ஆய்வுக் குழுவைச் சாராத மருத்துவப் பணியாளர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் உணவு யாருக்குக் கிடைக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பங்கேற்றவர்களில் மூன்றில் ஒருவர் சத்துக்குறைவு உள்ளவர். மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினர். சத்துக்குறைவு குறைவாக உள்ள ஊர்களில் பலன் இதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.
>
> *இது எதைச் சொல்லவில்லை?* உணவு காசநோய் மருந்துக்கு மாற்று என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நோயாளிகள் எல்லாரும் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களே.

பழங்குடியினரின் பங்கு, சத்துக்குறைவின் அளவு ஆகிய இரண்டும் மூலக் கட்டுரையில் பங்கேற்றவர்களை விவரிக்கும் இடத்தில் வருபவை. சுருக்கத்தில் அவை முன்னுக்கு வந்திருக்கின்றன. ‘எங்கள் ஊருக்குப் பொருந்துமா?’ என்று கேட்கும் வாசகருக்கு விடை அவற்றில்தான் இருக்கிறது. மாறாக, கட்டுரையில் பக்கக் கணக்கில் நீளும் புள்ளியியல் மாதிரிகளுக்கு இங்கே ஒரு சொல்கூட இல்லை. 39, 48 என்ற சதவீதங்களும் இல்லை. ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கு இருக்கும்போது அவை வாசகருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை.

சரிபார்ப்பது எப்படி

எளிமையை அளக்க ஆங்கிலத்தில் சூத்திரங்கள் இருக்கின்றன. வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் வைத்து, எத்தனையாவது வகுப்பு மாணவருக்குப் புரியும் என்று அவை சொல்லும். தமிழுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ‘கொடுக்கப்பட்டவர்களுக்கும்’ என்பது அசைக் கணக்கில் நீளமான சொல். ஆனால் யாருக்கும் புரியும். தமிழ் வாக்கியம் கடினமாவது வேறு இடத்தில். எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வினைமுற்றைக் கடைசி வரை ஒத்திப்போடும்போது, யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பது வாசகரின் கையிலிருந்து நழுவிவிடுகிறது. ‘உணவு வழங்கப்பட்ட பிரிவைச் சார்ந்த நோயாளிகளின் குடும்பத்தினரிடையே காணப்பட்ட நோய் நிகழ்வு வீதம்’ என்று தொடங்கும் வாக்கியத்தை உடைத்தால் ‘வீட்டார் எல்லாருக்கும் உணவு கொடுத்தார்கள். அவர்களில் இத்தனை பேருக்கு நோய் வந்தது’ என்று ஆகும். ஆள் முதலில், செயல் அடுத்து.

சூத்திரத்தைவிட நம்பகமான சோதனை ஆளை வைத்துச் செய்வது. துறைக்கு வெளியே உள்ள இரண்டு மூன்று பேரிடம் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். படித்ததும் பக்கத்தை வாங்கிக்கொண்டு, புரிந்ததா என்று கேட்காமல், சொல்லச் சொல்ல வேண்டும். உணவு யாருக்குக் கொடுத்தார்கள்? கொடுக்காத வீடுகளில் நோயாளிக்கு என்ன கிடைத்தது? ஆயிரம் பேரில் எத்தனை பேர் தப்பினார்கள்? ‘உணவு கொடுத்தால் நோயாளி குணமாகிவிடுவார்’ என்று ஒருவர் சொன்னால், குறை அவர் படித்த விதத்தில் அல்ல, எழுதிய விதத்தில் இருக்கிறது. பிழைபட்ட விடைக்கு அவரை இட்டுச்சென்ற வாக்கியம் எது என்று கேட்டால் அவரே காட்டிக்கொடுப்பார். இன்னொரு பக்கம், மூல ஆய்வாளர்களில் ஒருவர் எண்களை மட்டுமாவது சரிபார்க்க வேண்டும். சொல்லை அவர் மாற்றத் தொடங்கினால் துறைமொழி மெல்லத் திரும்பிவரும். அதனால் எண், ஒப்பீடு, வரம்பு ஆகிய மூன்றில் தவறு உண்டா என்று மட்டும் அவரிடம் கேட்பது நல்லது.

தீராத ஒரு சிக்கல்

எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒற்றை ஆய்வின் சுருக்கத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. வாசகர் அறிய விரும்புவது ‘இந்த ஆய்வு என்ன சொன்னது’ என்பதை அல்ல. ‘இந்த விஷயத்தில் இதுவரை தெரிந்தது என்ன’ என்பதை. காக்ரேன் சுருக்கங்கள் பல ஆய்வுகளைத் தொகுத்த பின் எழுதப்படுகின்றன. அதனால் அந்தக் கேள்விக்கு அவற்றால் நேரடியாக விடை சொல்ல முடிகிறது. ஐரோப்பியச் சட்டம் கேட்கும் சுருக்கமோ, இதழ்கள் கேட்கும் குறிப்போ ஒற்றை ஆய்வைப் பற்றியது. நாளை வேறொரு மாநிலத்தில் இதே கேள்விக்கு வேறு விடை வந்தால், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய பழைய பக்கம் தானாக மாறாது.

இதற்கு முழுத் தீர்வு இல்லை. செய்யக்கூடியவை இரண்டு உண்டு. பக்கத்தின் அடியில், இது எந்த ஆண்டில் வெளியான எந்த ஆய்வு, சுருக்கம் எப்போது எழுதப்பட்டது என்பதைப் போட வேண்டும். அதோடு, இது ஒரே ஓர் ஆய்வின் முடிவு என்ற வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும். ரேஷன்ஸ் போன்ற பெரிய, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுக்கும் இந்த வாக்கியம் பொருந்தும். அதை எழுதுவதால் ஆய்வின் மதிப்பு குறைவதில்லை. அடுத்த ஆய்வு வரும்போது வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணராமல் இருப்பார்.